நடிகர் தோளில் கை போட்ட படம்: விளையாட்டு எந்த இடத்தில் பொய்யாகிறது?

பிளக்ஸ்காரன், கிருஷ்ணகிரி
21 செப்டம்பர் 2025

ஒரு வாரமாகக் கடைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் போனை நீட்டி ஒரே மாதிரி படத்தைக் காட்டுகிறார்கள். போலராய்டு போல வெள்ளை ஓரம், பின்னால் திரைச்சீலை, நடிகர் இவன் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார். ஏஐ ஆப்பில் கேட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடுகிறதாம். இதே வேலையைப் பதினோரு வருடமாக போட்டோஷாப்பில் உட்கார்ந்து செய்கிறவன் நான். ஒரு படத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இது எந்த இடத்தில் தப்பாகிறது என்பதுதான் கேள்வி. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நடிகர் நிற்பார், பின்னால் சிங்கம் இருக்கும், மேலே மேகத்துக்குள் தாத்தா பாட்டி படம் இருக்கும். ரவுண்டானாவில் அதைப் பார்க்கிற யாரும் நடிகர் கல்யாணத்துக்கு வந்தார் என்று நினைக்க மாட்டார்கள். வாழ்த்து, சிங்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு பேரை மட்டும் தனியாகக் கொடுக்கும்போதுதான் சிக்கல். அப்படிக் கொடுத்தாலும் அடியில் ‘சித்தரிப்பு’ என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். சரியா?

ஓசூர் பையன்
21 செப்டம்பர் 2025

அண்ணா, எந்த ஆப்பில் முகம் மாறாமல் வரும்? அடுத்த வாரம் தம்பிக்குப் பிறந்தநாள். நான் போட்டால் தம்பி முகம் வேறு யாரோ மாதிரி வருகிறது, நடிகர் மட்டும் அச்சு அசலாக இருக்கிறார்.

அரூர் 77
22 செப்டம்பர் 2025

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? படத்தை வைத்துக் காசு வாங்கினால் குற்றம், வாங்காவிட்டால் குற்றமில்லை. வாங்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, மூன்று வருடம் வரை உள்ளே, ஒரு லட்சம் வரை அபராதம். எடிட்டா இல்லையா என்று பார்ப்பதும் சுலபம். படத்தின் விவரத்தைத் திறந்தால் எந்த கேமரா, என்ன தேதி, எத்தனை மணி என்று எல்லாம் இருக்கும். அது இல்லாவிட்டால் போலி.

பிளக்ஸ்காரன்
22 செப்டம்பர் 2025

விவரம் பார்ப்பது உதவாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய உடனே அந்த விவரமெல்லாம் போய்விடும். உங்கள் கல்யாணப் படத்தை மச்சானுக்கு அனுப்பிவிட்டு அவர் போனில் திறந்து பாருங்கள், எடுத்த தேதி இருக்காது. அதற்காக அது போலியாகிவிடுமா?

ஓசூர் தம்பிக்கு: நீங்கள் கேட்டதற்கும் என் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒன்று. தம்பி முகம் நேராகத் தெரிகிற, வெளிச்சம் ஒரே சீராக இருக்கிற, வாட்ஸ்அப்பில் சுற்றி வராத படமாகக் கொடுங்கள். நடிகர் முகம் ஆயிரக்கணக்கான படங்களில் இருக்கிறது, அதனால் சரியாக வருகிறது. தம்பிக்கு அந்த ஒரு படம்தான்.

பிளக்ஸ்காரன்
24 செப்டம்பர் 2025

முதலில் எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்தக் கேள்வி எனக்கு இப்போது வந்ததில்லை, 2024 ஆகஸ்டிலிருந்து மனதில் கிடக்கிறது.

அந்த வருடம் வைகாசியில் ஒரு பையன் கல்யாண பிளக்ஸுக்கு வந்தான். கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் போனில் எடுத்த படம், உச்சி வெயில். நடிகர் படத்தை நான் தேடி எடுத்தேன். ஏதோ மேடையில் எடுத்தது, கை கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. பையன் இடது பக்கம் நிற்க வேண்டும் என்றான், நடிகர் கையோ மறுபக்கம் இருந்தது. அதனால் நடிகரை அப்படியே கண்ணாடி போலத் திருப்பிவிட்டேன். விரல்கள் சரியாக வரவில்லை. வேறொரு படத்திலிருந்து கையை மட்டும் வெட்டி எடுத்துத் தோளில் வைத்தேன். விரலுக்கு அடியில் சட்டை லேசாகச் சுருங்குகிற மாதிரி மடிப்பு வரைந்தேன், கைக்குக் கீழே நிழல் போட்டேன். வெயில் படத்தின் மஞ்சளைக் குறைத்து, நடிகர் படத்தில் கொஞ்சம் ஏற்றி, இரண்டிலும் ஒரே மாதிரி புள்ளி தூவினேன். அந்த நிழலும் மடிப்பும் விழுந்ததும் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். நல்ல வேலை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பிளக்ஸ் அடித்து முடித்ததும், “அண்ணா, எழுத்தில்லாமல் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போடுங்க” என்றான். போட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, எட்டாவது படிக்கிற மகளோடு கடைக்கு வந்தார். மகளை நின்றபடி, உட்கார்ந்தபடி, சிரித்தபடி எடுத்துப் பன்னிரண்டு படம் பிரிண்ட் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். ஒகேனக்கல்லில் சூட்டிங் வருகிறது, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அடையாள அட்டைக்கு 2,500 ரூபாய் கட்டியாகிவிட்டது என்றார். ஒகேனக்கல்லில் படப்பிடிப்பு நடப்பது ஊருக்கே பழகிய விஷயம் என்பதால் அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டபோது போனை எடுத்துக் காட்டினார். “இந்தத் தம்பிதான். நடிகருக்கு ரொம்ப வேண்டியவர்.”

என் படம் அது. நடிகரின் கைக்கடிகாரம் வலது கையில் இருந்தது, சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. நான் திருப்பியதால் வந்தது.

சொன்னேன், அக்கா நம்பவில்லை. எனக்கு அந்தப் பையன் மேல் ஏதோ பகை என்று நினைத்தார். பழைய கோப்பைத் தேடித் திறந்து கணினியில் காட்டினேன். அடுக்கு அடுக்காக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் குறி. முதலில் நிழலை அணைத்தேன். அடுத்து கையை அணைத்தேன், தோள் மேல் ஒன்றும் இல்லை. அப்புறம் நடிகரை. பையன் மட்டும் அணைப் பூங்காவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அந்த அக்கா எதுவும் பேசவில்லை. அந்தப் பிள்ளைதான், “அண்ணா, திரும்பப் போடுங்க, பார்க்கிறேன்” என்றது.

எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். பணம் போட்டு ஒன்பது நாள். இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்கச் சொன்னேன், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தார். பணம் இன்னும் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள், தப்பு எந்த இடத்தில் தொடங்கியது?

தருமபுரி ஸ்டில்ஸ்
25 செப்டம்பர் 2025

தம்பி, இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மேடை நிகழ்ச்சி என்று எடுக்கிறேன். உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் சொன்னதை வைத்தே இரண்டு இடம் தவறியிருக்கும் என்று சொல்ல முடியும்.

ஒன்று வெளிச்சம். உச்சி வெயிலில் நிற்கிறவனுக்குக் கண் குழியில் நிழல் விழும், மூக்கு நிழல் மேல் உதட்டில் விழும். மேடையில் இருக்கிறவருக்கு இரண்டு பக்கமும் விளக்கு, கழுத்துக்குக் கீழேகூட வெளிச்சமாக இருக்கும். மஞ்சளைக் கூட்டிக் குறைத்தால் நிறம் ஒத்துப் போகும், நிழல் போகிற திசை மாறாது. படம் கைக்கு வந்தால் முகத்தை விட்டுவிட்டு மூக்குக்கு அடியையும் தாடைக்கு அடியையும் பாருங்கள்.

இரண்டாவது கேமரா நின்ற இடம். அந்தப் பையனை நண்பன் ஐந்து அடி தூரத்தில் நின்று போனில் எடுத்திருப்பான். பக்கத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். நடிகரை மேடைக்குக் கீழே தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்திருப்பார்கள். முகம் தட்டையாக இருக்கும், கீழேயிருந்து எடுத்ததால் மூக்குத் துவாரம் தெரியும். ஒரே கேமரா முன் நின்ற இரண்டு பேருக்கு இப்படி வராது.

இதெல்லாம் உங்கள் காலத்து வெட்டி ஒட்டுகிற படத்துக்கு. இப்போது வருகிறதில் மொத்தப் படத்தையும் புதிதாக வரைந்துவிடுகிறது, நிழலும் சேர்ந்தே வருகிறது. அதில் நான் பார்ப்பது அந்த ஆளைத்தான். மச்சம் இடம் மாறியிருக்கும், தெற்றுப்பல் நேராகியிருக்கும், கம்மல் ஒரு காதில் ஒரு மாதிரி இருக்கும். கூகுளின் ஜெமினியில் செய்தால் வலது கீழ் மூலையில் சின்ன நட்சத்திரம் போல ஒரு குறி வரும், ஆனால் விரலால் வெட்டினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளமும் உள்ளே வைக்கிறார்கள். காவேரிப்பட்டினத்து அக்கா அதை எப்படிப் பார்ப்பார்?

என் அனுபவத்தில் ஒரு கேள்வி போதும்: “இன்னொரு படம் காட்டு.” நடிகரை உண்மையாகச் சந்தித்தவனிடம் ஒரே ஒரு படம் இருக்காது. நாலைந்து இருக்கும், அதில் இரண்டு ஆடியிருக்கும், ஒன்றில் நடிகர் வேறெங்கோ பார்ப்பார், ஒன்றில் பாதுகாவலர் முழங்கை பாதிப் படத்தை மறைக்கும். நான் கூட்டத்தில் எடுத்துக் கொடுத்த படங்கள் எல்லாம் அப்படித்தான்.

அரூர் 77
25 செப்டம்பர் 2025

நான் சொன்னதுதானே? காசு வாங்கினான், 66டி.

தருமபுரி ஸ்டில்ஸ்
26 செப்டம்பர் 2025

என் மருமகள் தருமபுரி கோர்ட்டில் வக்கீல், காட்டினேன். 66டி என்பது வேறொரு ஆளாக நடித்து ஏமாற்றுவது. இந்தப் பையன் தன்னை நடிகர் என்று சொல்லவில்லை, நடிகருக்கு வேண்டியவன் என்றான். அதனால் அது பொருந்துமா என்று வாதம் வரும், நேரடியாகப் பொருந்துவது மோசடிப் பிரிவு என்றாள். பழைய 420, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. காசு வாங்காவிட்டால் ஒன்றுமில்லை என்பதும் பாதிதான் சரி. நடிகரின் பெயரையும் உருவத்தையும் வியாபாரத்துக்கு எடுத்தால் அவர் தடை வாங்கலாம். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் பாணியையும் அனுமதி இல்லாமல் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2015-ல் தடை போட்டது. நகைக்கடை திறப்புக்கு நடிகரோடு நிற்கிற மாதிரி பேனர் கேட்டால் அடிக்காதீர்கள்.

மாந்தோப்பு அக்கா, ஊத்தங்கரை
27 செப்டம்பர் 2025

எங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. என் தாத்தா எம்.ஜி.ஆர். பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. பிரச்சாரத்துக்கு வந்தபோது மாலை போட்டவர்களில் தாத்தாவும் ஒருவர். நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் படத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாதம் என் நாத்தனார் மகன் பார்த்துவிட்டு, “அத்தை, எந்த ஆப்?” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். படத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறது, பென்சிலில் ஒரு எண் இருக்கிறது. தாத்தா முகம் பாதிதான் தெரிகிறது, மீதியை இன்னொருவர் துண்டு மறைக்கிறது. ஸ்டில்ஸ் அண்ணா முழங்கை என்று எழுதியதைப் படித்ததும் அழுகை வந்தது. இப்போது அந்தப் பின்பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். சின்ன வயதில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு அப்பா கூட்டிப் போவார். அங்கே ஒரு போட்டோக் கடையில் அட்டையில் வெட்டிய நடிகர்களை நிறுத்தியிருப்பார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுக்கலாம். என்னிடம் ஒன்று இருக்கிறது. அட்டை ஓரம் வெள்ளையாகத் தெரியும், பின்னால் முட்டுக்கொடுத்த குச்சியும் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் காட்டினேன். ஒருத்திகூட உண்மை என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் பொறாமைதான்.

பிளக்ஸ்காரன்
29 செப்டம்பர் 2025

அக்கா எழுதியதை நாலைந்து முறை படித்தேன். முதல் நாள் நான் எழுதியது தப்பு. ‘சித்தரிப்பு’ என்று அடியில் போட்டால் போதும் என்றேன். கடையில் சோதித்துப் பார்த்தேன். அதே பழைய படத்தில் அடியில் எழுத்துப் போட்டு என் போனில் முகப்புப் படமாக வைத்தேன். வாட்ஸ்அப் சதுரமாக வெட்டச் சொல்லும்போதே எழுத்து வெளியே போய்விட்டது. சரி என்று எழுத்தை இரண்டு பேர் மார்புக்கும் குறுக்கே, சேருகிற இடத்தின் மேல் போட்டேன். வெட்ட முடியாது. ஆனால் பேசுகிறவர்கள் பட்டியலில் அந்தப் படம் ஒரு விரல் நகம் அளவுதான். எழுத்து ஏதோ சட்டைக் கோடு மாதிரி தெரிகிறது. காவேரிப்பட்டினத்து அக்கா படத்தைப் பார்த்தது அந்த அளவில்தான். எழுத்துப் படிக்கத் தெரிந்தவர், படிக்க எழுத்து இல்லை.

அட்டை நடிகரின் வெள்ளை ஓரம் எந்த அளவிலும் தெரிந்திருக்கும்.

அதோடு இதையும் ஒத்துக்கொள்கிறேன். தோளில் போட்ட அந்த நிழலும் மடிப்பும் பிளக்ஸுக்குத் தேவையே இல்லை. முப்பது அடி தள்ளிப் பார்க்கிற பேனரில் விரலுக்கு அடியில் மடிப்பு யாருக்குத் தெரியும்? என் திருப்திக்காகப் போட்டேன். அந்தப் பையன் பின்னால் செய்யப் போவது எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்குக் கையில் கொடுத்தது நான் செய்த நிழல்.

அரூர் 77
29 செப்டம்பர் 2025

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அரிவாள் செய்த கொல்லரைப் பிடித்து உள்ளே வைப்பீர்களா?

தருமபுரி ஸ்டில்ஸ்
30 செப்டம்பர் 2025

கொல்லர் அரிவாள் என்று சொல்லித்தான் விற்கிறார். பார்க்கிறவனுக்கும் அரிவாள் என்று தெரியும்.

ஆனால் அரூர்க்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நூறு பேருக்குச் செய்து கொடுத்திருப்பீர்கள், தொண்ணூற்றொன்பது பேர் வீட்டில் மாட்டியிருப்பார்கள். என் மகனே கல்லூரிச் சேர்க்கைப் படத்தில் நடிகரை நிறுத்தி வைத்திருக்கிறான். அந்த ஒருவனுக்காக எல்லார் படத்தையும் கெடுக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஓசூர் பையன்
4 அக்டோபர் 2025

தம்பி பிறந்தநாள் நல்லபடியாக முடிந்தது. வெளிச்சமான படம் கொடுத்ததும் முகம் சரியாக வந்தது, நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். தம்பி அதை ஸ்டேட்டஸில் போட்டான், எடிட் என்று எழுதவில்லை. அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிட்டு, அந்த நடிகரின் அடுத்த பட முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவன், “பார்க்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இது தப்பா?

பிளக்ஸ்காரன்
4 அக்டோபர் 2025

ஆமாம் தம்பி. படம் போட்டது தப்பில்லை. “பார்க்கலாம் சார்” என்று சொன்ன நிமிடத்தில் அது தப்பாகிவிட்டது. அதுவரை விளையாட்டுப் படம், அதற்குப் பிறகு ஒரு ஆள் அதை நம்பிக் காத்திருக்கிறார். நாளைக்கே போய் எடிட் என்று சொல்லச் சொல்லுங்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார். முதல் காட்சி அன்று சொன்னால் சிரிக்க மாட்டார்.

ஓசூர் பையன்
6 அக்டோபர் 2025

சொல்லிவிட்டான். அவருக்கும் ஒன்று செய்து தரச் சொல்லி, குடும்பப் படத்தை அனுப்பியிருக்கிறாராம்.

பிளக்ஸ்காரன்
8 மார்ச் 2026

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். பிப்ரவரி 20 முதல் புது விதி வந்திருக்கிறது. கணினியில் உருவாக்கி உண்மை போலத் தெரிகிற படத்துக்கு, பார்த்ததும் தெரிகிற மாதிரி அடையாளம் இருக்க வேண்டும். நிறம் சரிசெய்வது போன்ற சாதாரண வேலைக்கு இது கிடையாது. ஆனால் இது சமூக வலைத்தளங்களையும், அப்படிப் படம் உருவாக்கித் தருகிற தளங்களையும் பிடிக்கிற விதி. என் கடையில் அடித்து சுவரில் மாட்டுகிற படத்துக்கு நான்தான் விதி.

அதனால் இப்படிச் செய்கிறேன். பிளக்ஸில் நடிகரைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு வெள்ளைக் கோடு, கண்காட்சி அட்டை மாதிரி. பத்து அடி அகல பேனரில் இரண்டு அங்குலம் உறுத்தாது, படத்தைச் சுருக்கி முகப்பில் வைத்தாலும் கோடு மெல்லிசாகத் தெரிகிறது. தோளுக்கும் கைக்கும் நடுவிலும் அந்தக் கோடு போகும், அதனால் நிழல் போட இடமே இல்லை. கோடு இல்லாத கோப்பை யாருக்கும் அனுப்புவதில்லை. இதனால் மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அரை நிமிடத்தில் போனிலேயே செய்துகொள்கிறவனை என்னால் தடுக்க முடியாது, அதற்கு என்னிடம் வழியும் இல்லை. சில பையன்களுக்குக் கோடு பிடித்திருக்கிறது, ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது என்று கேட்டு வாங்குகிறார்கள்.

நேற்று என் அம்மாவிடம் சோதித்தேன். கண்ணாடி போடாமல் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். முதலில் கோடு இல்லாத பழைய படத்தை முகப்பு அளவில் காட்டினேன். “இந்தப் பையன் யாரு, நடிகர்கூட நிக்கிறான்?” என்றார். அடுத்து கோடு போட்டதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன்டா, அட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்?” என்று கேட்டார்.